முடுக்கில் 21 புள்ளி: சாணி உருண்டையில் பூசணிப்பூ வைத்த மார்கழிக் கோலம்

அம்பாசமுத்திரத்துக்கு அருகில் இருக்கும் எங்கள் முடுக்கின் அகலம், சுவருக்குச் சுவர் 11 அடி. இந்த அகலத்துக்குள் 21 புள்ளிக் கோலத்தைப் பெரிதாகப் போட்டு, அதன் ஏழு தாமரைகளின் நடுவிலும் சாணி உருண்டை வைத்து, ஒவ்வொன்றிலும் பூசணிப்பூ செருகி, பால்காரர் வண்டியும் தடையில்லாமல் போய்வர வேண்டும் என்பதே இந்த மார்கழியில் நான் எடுத்துக்கொண்ட வேலை. மாதத்தின் நடுப்பகுதியில் ஒரு நாள் எல்லாம் சரியாக அமைந்தது. காலை ஒன்பது மணி வரை ஒரு பூவும் சாயவில்லை, ஒரு கோடும் கலையவில்லை. எதை மாற்றியதால் அது அமைந்தது என்பதை அளவுகளோடு எழுதி வைக்கிறேன்.

வேலை மார்கழியில் தொடங்குவதில்லை, பூசணிக்கொடியில் தொடங்குகிறது. ஆவணிக் கடைசியில் கொல்லைப்புறத்தில் இரண்டு குழி போட்டு, மட்கிய குப்பையை நிரப்பி, குழிக்கு மூன்று விதை ஊன்றினேன். ஒவ்வொரு குழியிலும் முளைத்தவற்றில் நன்றாக இருந்த ஒன்றை மட்டும் விட்டுவைத்து மற்றவற்றைப் பிடுங்கிவிட்டேன். ஐப்பசி, கார்த்திகை மழையில் வேரடியில் தண்ணீர் தேங்கினால் கொடி அழுகிவிடும் என்பதால், குழியைத் தரைமட்டத்துக்கு மேல் ஒரு சாண் உயரத்துக்கு மேடாக்கியிருந்தேன். பூசணியில் முதலில் வருபவை ஆண் பூக்கள். விதைத்து ஏறக்குறைய ஆறு ஏழு வாரங்களில் அவை தொடங்கிவிடும்; பெண் பூக்கள் அதற்குப் பிறகே வரும். கோலத்துக்கு வேண்டியவை ஆண் பூக்களே. அவற்றின் காம்பு மெலிந்து நீண்டிருக்கும். பெண் பூவின் காம்பு குட்டையாக, பூவுக்குக் கீழே சிறிய பிஞ்சு உருண்டையாகத் தெரியும். பெண் பூவைப் பறித்தால் ஒரு காய் போய்விடும் என்பது ஒரு காரணம். குட்டைக் காம்பு சாணியில் நிற்காது என்பது இன்னொரு காரணம். ஆண் பூக்களையும் முழுவதும் பறித்துவிடாமல் கொடிக்கு ஒன்றிரண்டை விட்டுவைத்தேன். அவை இல்லையென்றால் பெண் பூவுக்கு மகரந்தம் கிடைக்காமல் பிஞ்சு மஞ்சளாகி உதிர்ந்துவிடும்.

பூவை எப்போது பறிப்பது என்பதில்தான் முதலில் வழி தெரியாமல் இருந்தது. பூசணிப்பூ விடியற்காலையில் மலர்ந்து, வெயில் ஏறியதும் சுருங்கிவிடும். மார்கழிக் குளிரில் கொல்லைப்புறத்துக் கொடியில் அது இன்னும் தாமதமாகத்தான் விரிகிறது. நான் கோலத்தை முடிக்கும் ஆறு மணிக்குக் கொடியில் பாதி திறந்த பூக்கள்தான் கிடைத்தன. இருட்டில் அந்தப் புதருக்குள் கையை விடுவதும் நல்லதல்ல. எதிர்வீட்டு ஆச்சி சொன்னபடி, முந்தைய நாள் மாலையே மொட்டாகப் பறிக்கத் தொடங்கினேன். மறுநாள் மலரப்போகும் மொட்டைக் கண்டுபிடிப்பது எளிது: அதன் பச்சை நிறம் போய் உடல் முழுவதும் மஞ்சள் ஏறியிருக்கும், நுனி முறுக்கு இளகத் தொடங்கியிருக்கும். இன்னும் பச்சையாக இறுகியிருக்கும் மொட்டு மறுநாள் விரியாது, பறித்தால் வீண். இப்படிப் பறித்த மொட்டுகளை நான்கு அங்குலக் காம்போடு ஒரு செம்புத் தண்ணீரில் நிற்கவைத்து அடுக்களை மேடையில் வைத்துவிட்டால், வீட்டுக்குள் குளிர் குறைவு என்பதால், ஐந்து மணிக்கெல்லாம் முழுதாக விரிந்துவிடுகின்றன. ஏழு பூ வேண்டுமென்றால் ஒன்பது மொட்டு பறிக்கிறேன். ஒன்றிரண்டு சில நாட்களில் விரிய மறுக்கும்.

அடுத்தது சாணி. இதில் இரண்டு வேலைக்கு இரண்டு விதமான சாணி வேண்டும் என்பதைத் தெரிந்துகொள்ளச் சிறிது காலம் ஆனது. வாசல் தெளிக்க எந்தச் சாணியும் ஆகும். உருண்டைக்கு, வைக்கோல் தின்ற பசுவின் கெட்டியான சாணிதான் சரிப்படும். மழைக்குப் பிறகு பசும்புல் மேய்ந்துவரும் மாட்டின் சாணி இளகலாக இருக்கிறது. உருட்டி வைத்தால் அரை மணி நேரத்தில் அமர்ந்து தட்டையாகிவிடுகிறது. அதைவிடப் பெரிய தொல்லை, அதிலிருந்து கசியும் பச்சைத் தண்ணீர். அது கோல மாவில் ஏறி, உருண்டையைச் சுற்றி இரண்டு விரல் அகலத்துக்குக் கறைவட்டமாகப் படர்ந்து இதழ்களின் அடியை அழித்துவிடுகிறது. முதல் சில நாட்கள் இதற்குச் சாம்பல் கலந்து பார்த்தேன். கசிவு நின்றது, ஆனால் உருண்டை காய்ந்து வெடித்து, பூக்காம்பு ஆடத் தொடங்கியது.

கடைசியில் பலித்த வழி இதுதான். மாலையில் வாங்கிவந்த சாணியைப் பழைய சாக்குத் துணியில் பரப்பி, மடித்து, மேலே அம்மிக் குழவியைப் படுக்கவைத்து ஒரு மணி நேரம் விட்டுவிடுகிறேன். அதிகத் தண்ணீர் சாக்கில் இறங்கிவிடுகிறது. பிறகு பெரிய எலுமிச்சைக்குச் சற்றுக் கூடுதலான அளவில், குறுக்கே இரண்டரை அங்குலம் இருக்கும்படி உருட்டி, அடியை ஒரு பலகையில் தட்டிச் சமமாக்கி, அப்போதே ஒரு குச்சியால் நடுவில் ஒன்றரை அங்குல ஆழத்துக்குத் துளையிடுகிறேன். துளையை அப்போதே இட்டுவிடுவது முக்கியம். இரவு முழுவதும் காற்றுப் பட்டால் மேலே மெல்லிய தோல் கட்டிவிடும்; காலையில் குத்தினால் அது பிளக்கும். அந்தத் தோல்தான் கசிவைத் தடுக்கிறது. உள்ளே இருக்கும் ஈரம் காம்புக்குப் போய்ப் பூவை நிமிர்த்தி வைத்திருக்கிறது. ஏழு உருண்டைக்கு ஒரு கிலோவுக்குச் சற்று மேல் சாணி போதும். பூசணிப்பூ விரிந்தால் நான்கைந்து அங்குலம் இருக்கும் என்பதால், இதைவிடச் சிறிய உருண்டை பூவின் பாரத்தில் சரிந்துவிடுகிறது. நெல்லிக்காய் அளவு உருண்டையில் செம்பருத்தி நிற்கும், பூசணிப்பூ நிற்காது.

இனிக் கோலம். நான் எடுத்தது ஊடு புள்ளி, 21-இல் தொடங்கி 11 வரை. நடுவரிசையில் 21 புள்ளி, அதன் இரு பக்கமும் 20, 19 என்று குறைந்துகொண்டே போய் 11-இல் நிற்கும். மொத்தம் 21 வரிசை, 331 புள்ளி. புள்ளிகள் ஆறு பக்கம் கொண்ட வடிவில் அமையும். புள்ளிக்குப் புள்ளி ஐந்து அங்குலம் வைத்தேன். இதைவிட நெருக்கினால் காலை வைக்க இடம் இருக்காது. பெரிய கோலத்தில் புள்ளிகளுக்கு நடுவே நின்றுதான் கோடு இழுக்க வேண்டியிருக்கிறது. பாதத்தை வரிசைக்கு இணையாக வைத்தால்தான் புள்ளி அழியாமல் இருக்கும்.

நடுவரிசையை முடுக்கின் நீளவாக்கில் போட்டேன். 21 புள்ளிக்கு 20 இடைவெளி. ஐந்து அங்குலம் வீதம் 100 அங்குலம், அதாவது எட்டு அடி நான்கு அங்குலம். அகலவாக்கில் எவ்வளவு வரும் என்பதில்தான் இந்தக் கோலத்தின் சூட்சுமம் முழுவதும் இருக்கிறது. பழக்கத்தில் நாம் வரிசைக்கும் வரிசைக்கும் இடையிலும் அதே ஐந்து அங்குலத்தையே கண்ணளவாக விட்டுவிடுகிறோம். அப்படிப் போட்டால் அகலமும் எட்டு அடி நான்கு அங்குலம் ஆகிவிடும். படிக்கட்டுக்காக வாசலிலிருந்து ஓர் அடி தள்ளிப் போட்டது போக, எதிர்ச்சுவர்ப் பக்கம் மிஞ்சியது ஓர் அடி எட்டு அங்குலம்தான். அதில் எந்த வண்டியும் போக முடியாது. பால்காரர் எவ்வளவு ஒதுங்கிப் போனாலும் சக்கரம் ஓரத்துத் தாமரை மேல் ஏறிவிட்டது. கோலமும் பார்க்கச் சரியாக இல்லை: முடுக்கின் நீளவாக்கில் படுத்த இதழ்கள் 15 அங்குலம் இருக்க, குறுக்கே நிற்கும் நான்கு இதழ்களும் ஏறக்குறைய 17 அங்குலம் நீண்டுவிட்டன. தாமரை ஒரு பக்கமாக இழுபட்டதுபோல் தெரிந்தது.

ஊடு புள்ளியில், ஒரு புள்ளி மேல்வரிசையின் இரண்டு புள்ளிகளுக்கும் நடுவில் இருந்தால் மட்டும் போதாது. அந்த இரண்டிலிருந்தும் அதே ஐந்து அங்குலத் தூரத்தில் இருக்க வேண்டும். அப்போது வரிசைகளுக்கு இடையிலான தூரம் ஐந்து அங்குலமாக இராமல் நாலேகால் அங்குலத்துக்குச் சற்றுக் கூடுதலாக வரும். 20 இடைவெளிக்கு அது ஏறக்குறைய ஏழு அடி இரண்டரை அங்குலம். முன்பு போட்டதைவிட ஓர் அடி ஒன்றரை அங்குலம் குறைவு. எதிர்ச்சுவரோரம் இரண்டு அடி ஒன்பதரை அங்குலம் கிடைத்துவிட்டது. அதில் வண்டி மெதுவாகப் போய்விடுகிறது.

இதை அளக்க நான் வைத்துக்கொண்ட கருவி, சரியாக ஐந்து அங்குலத்துக்கு நறுக்கிய ஒரு தென்னை ஈர்க்கு. நடுவரிசையை மட்டும் ஈர்க்கால் அளக்கவில்லை. ஒவ்வோர் இடைவெளியிலும் ஒரு நூல், அதாவது அரைக்கால் அங்குலம், பிசகினாலும் 20 இடைவெளியில் அது சேர்ந்து இரண்டரை அங்குலமாகிவிடும். அதற்காகக் கொத்தனார்கள் சுவர் கட்டப் பிடிக்கும் நைலான் நூலை வாங்கி, அதில் ஐந்து அங்குலத்துக்கு ஒரு மை அடையாளம் வீதம் 21 அடையாளம் வைத்துக்கொண்டேன். சணலில் வைத்தபோது பனியில் நனைந்து அளவு மாறிவிட்டது. நூலின் இரு முனையிலும் கல்லை வைத்து இழுத்துக் கட்டி, அடையாளத்துக்கு நேரே புள்ளி வைத்து, நூலை எடுத்துவிட்டால் நடுவரிசை தயார். அடுத்த வரிசைக்கு ஈர்க்கின் ஒரு முனையை ஒரு புள்ளியில் வைத்துச் சாய்த்து, பிறகு பக்கத்துப் புள்ளியில் வைத்துச் சாய்த்து, இரண்டும் சந்திக்கும் இடத்தில் புள்ளி வைக்கிறேன். எல்லாப் புள்ளிக்கும் இப்படி அளக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு வரிசையிலும் முதல் புள்ளி, நடுப்புள்ளி, கடைசிப் புள்ளி ஆகிய மூன்றை அளந்து வைத்துவிட்டால் மற்றவற்றைக் கண்ணே பார்த்துக்கொள்கிறது.

புள்ளி வைப்பதற்கு முன் தரையின் ஈரத்தைச் சொல்ல வேண்டும். எங்கள் முடுக்கு சிமெண்டுத் தளம். மண் வாசலைப்போல் அது தண்ணீரைக் குடிக்காது. அரை வாளித் தண்ணீரில் இரண்டு கை சாணியைக் கரைத்துப் பழைய துணியில் வடிகட்டித்தான் தெளிக்கிறேன். வடிகட்டாவிட்டால் வைக்கோல் துணுக்குகள் தரையில் ஒட்டிக்கொண்டு, கோடு அவற்றின்மேல் ஏறி இறங்கும் இடத்தில் அறுந்துபோகும். தெளித்து, ஈர்க்கு வாரியலால் ஒரே திசையில் கூட்டித் தண்ணீரை ஓரச் சாக்கடைக்குத் தள்ளிவிட்டு, நான்கு மணிக்குத் தெளித்தால் நாலரை வரை காத்திருக்க வேண்டும். நான் அவசரப்பட்டு மாவுக் கிண்ணத்தை எடுத்த ஒரு நாள் ஆச்சி திண்ணையிலிருந்தே சொன்னார்: “ஏட்டி, தரை மினுங்குதுல்லா, இப்பவே மாவப் போட்டா அது குடிச்சிரும்.” அதுதான் சரியான அடையாளம். விளக்கு வெளிச்சத்தில் தரை பளபளத்தால் ஈரம் மிகுதி. பளபளப்புப் போய்க் கருமை மட்டும் இருக்க வேண்டும். உள்ளங்கையை வைத்தால் குளிர வேண்டும், கையில் நீர் ஒட்டக் கூடாது. அந்த நிலையில் விழும் மாவு கொஞ்சம் ஈரத்தை வாங்கித் தரையோடு பிடித்துக்கொள்ளும், காற்றுக்கும் பறக்காது. முழுதும் காய்ந்துவிட்டால் முதல் வண்டி கிளப்பும் காற்றிலேயே கோடு கலையும்.

மாவுக்குக் கல் மாவு மூன்று பங்கும் அரிசி மாவு ஒரு பங்கும் கலந்தேன். கல் மாவு கனமானது, விரலிடுக்கிலிருந்து நேராக விழும். அரிசி மாவு கோட்டுக்கு ஒரு மென்மையைக் கொடுக்கும், எறும்புக்கும் அணிலுக்கும் உணவாகும். பச்சரிசியை ரவையைவிடச் சற்று நைசாக, தொட்டால் நறநறக்கும்படி அரைத்துவைத்தேன். பணியாரத்துக்கு அரைப்பதுபோல் நைசாக அரைத்த மாவு மார்கழிப் பனியில் விரலில் ஒட்டி, கட்டி கட்டியாக விழுகிறது. கலந்த மாவை ஒரு பகல் வெயிலில் காயவைத்து, சிரட்டையில் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொள்கிறேன். இடுப்பில் ஒரு துண்டைச் செருகிக்கொண்டு அவ்வப்போது விரலைத் துடைப்பது கோட்டின் அகலத்தை ஒரே சீராக வைக்கிறது. போட்ட உடனே கோடு மங்கலாகத் தெரியும். அதைப் பார்த்து மேலும் மாவைக் கொட்டக் கூடாது. ஈரம் வற்றும்போது தானாக வெளுத்துவிடும்.

இனித் தாமரைகள். நடுவரிசையின் நடுப்புள்ளி முதல் தாமரைக்கு மையம். அதிலிருந்து புள்ளிகள் ஆறு திசையில் நேர்க்கிளைகளாக ஓடும். ஒவ்வொரு கிளையிலும் மூன்றாவது புள்ளி இதழின் நுனி. இரண்டு கிளைகளுக்கு நடுவே, எந்தக் கிளையிலும் சேராமல் நிற்கும் முதல் புள்ளி, இதழின் வயிறு தொட வேண்டிய இடம். ஆகவே ஒரு வளைவு மையத்தில் புறப்பட்டு, அந்தப் பக்கப்புள்ளியைத் தொட்டு, நுனியில் முடியும். பக்கத்து இதழும் அதே பக்கப்புள்ளியைத் தொடுவதால் ஆறு இதழ்களும் ஒன்றையொன்று இடித்துக்கொள்ளாமல் தோளோடு தோள் சேர்ந்து நிற்கும். ஒவ்வோர் இதழுக்குள்ளும் இரண்டு புள்ளிகள் அடைபட்டிருக்கும். மூன்று புள்ளிகளை வைத்து வளைவு தீர்மானமாகிவிடுவதால், கை பழகாதவர்களுக்கும் இதழ்கள் ஒரே அளவில் வருகின்றன.

நடு மையத்திலிருந்து ஒவ்வொரு கிளையிலும் ஆறாவது புள்ளி, வெளித் தாமரை ஒன்றின் மையம். ஆறு கிளைக்கு ஆறு தாமரை, நடுவில் ஒன்று; ஆக ஏழு. மையங்களுக்கு இடையே ஆறு இடைவெளி இருப்பதால், ஒரு தாமரையின் இதழ் நுனியும் அடுத்த தாமரையின் இதழ் நுனியும் ஒரே புள்ளியில் சந்திக்கின்றன. சந்திக்கவில்லையென்றால் எங்கோ ஒரு வரிசையில் புள்ளி எண்ணிக்கை தவறியிருக்கிறது என்று பொருள். அதனால் நடுத் தாமரையை முடித்ததும் வெளி மையங்கள் ஆறிலும் ஒரு சிட்டிகை மாவைக் கூடுதலாக வைத்துப் பெரிய புள்ளியாக்கி, எழுந்து நின்று ஒருமுறை பார்த்துவிடுகிறேன். அங்கே பிழை தெரிந்தால் துடைப்பது ஒரு வரிசைதான். வெளித் தாமரைகளை எதிர்ச்சுவர்ப் பக்கத்திலிருந்து தொடங்கி வாசலை நோக்கிப் பின்வாங்கிக்கொண்டே போடுகிறேன்; இல்லையென்றால் முடிந்த கோட்டைத் தாண்டித்தான் வெளியே வர வேண்டியிருக்கும். வளைவுகள் மட்டும் மொத்தம் ஏறக்குறைய 130 அடி நீளம். புள்ளிக்கும் வளைவுக்கும் விளிம்புக்குமாக முக்கால் கிலோ மாவு ஆகிறது. கல் மாவு இரண்டு கிலோ 40 ரூபாய்க்கு வாங்கினேன், நைலான் நூல் 15 ரூபாய். சாணியும் பூவும் விலைக்கு வாங்கவில்லை.

உருண்டைகளை வைப்பதையும் கோலத்தின் கடைசி வேலையாக விட்டுவிடாமல், அந்தந்தத் தாமரை முடிந்த கையோடு செய்துவிடுவது நல்லது. பிறகு எட்டி வைக்கையில் புடவை நுனி பட்டுக் கோடு அழிகிறது. உருண்டையை மையத்தில் வைத்து மெல்ல அழுத்திவிட்டு, பூவின் காம்பை ஒன்றரை அங்குலத்துக்கு நறுக்கித் துளையில் இறக்கி, சுற்றிலும் விரலால் இறுக்குகிறேன். காம்பைச் சாய்வாக நறுக்கினால் நுழைவது எளிது. பூவின் அடிப்பகுதி உருண்டையின் தலையில் அமர்ந்துவிட வேண்டும். இடைவெளி விட்டால் காற்றுக்குக் கழுத்து மடங்கும். நடு உருண்டையில் மட்டும் பூவோடு இரண்டு அருகம்புல்லும் வைப்பது எங்கள் வழக்கம், அது பிள்ளையார். பூ போதாத நாளில் பீர்க்கம்பூ வைத்துப் பார்த்தேன். அது மாலையில் மலர்வது. விடியும்போது அதன் பொழுது முடிந்துவிடுகிறது, வெயில் வருவதற்குள் சுருங்கிவிட்டது. செம்பருத்தி மாலைவரை நிற்கிறது.

வெயில் ஏறிப் பூ வாடியதும் உருண்டைகளை எடுத்து, பூவையும் சேர்த்தே சிறிய வட்டமாகத் தட்டிச் சுவரில் அப்பிவிடுகிறேன். தை மாதத்துச் சிறுவீட்டுப் பொங்கலுக்குப் பிள்ளைகள் இந்தப் பூ வரட்டிகளைத்தான் தாமிரபரணிக்கு எடுத்துப் போவார்கள். மார்கழிப் பனியில் இவை காய மூன்று நான்கு நாட்கள் ஆகின்றன. மாலையில் எடுத்து உள்ளே வைக்காவிட்டால் இரவு ஈரத்தில் பூஞ்சணம் பூத்து, ஆற்றங்கரைக்குப் போவதற்குள் பொடிந்துவிடும்.

அடுத்த மார்கழிக்கு மூன்று மாற்றங்கள் செய்யப்போகிறேன். ஈர்க்கை நாலரை அங்குலத்துக்கு நறுக்கிக்கொள்வேன். அப்போது கோலத்தின் அகலம் ஆறரை அடியாகக் குறைந்து, எதிர்ச்சுவரோரம் மூன்றரை அடி கிடைக்கும், பால்காரர் ஒரு காலை ஊன்றி ஊன்றிப் போக வேண்டியிராது. வரிசை இடைவெளி நான்கு அங்குலத்துக்குச் சற்றுக் குறையும். என் பாதத்துக்கு அது போதும், அதற்கும் கீழே போக மாட்டேன். இரண்டாவது, கொடி இரண்டையும் ஒரே நாளில் விதைக்காமல், ஒன்றை ஆவணிக் கடைசியிலும் மற்றொன்றைப் புரட்டாசி நடுவிலும் ஊன்றுவேன். இந்த ஆண்டு மார்கழிக் கடைசி வாரத்தில் இரண்டு கொடியிலும் இலைமேல் வெள்ளையாகச் சாம்பல் நோய் படிந்து, பூ ஒரே சமயத்தில் குறைந்துவிட்டது. மூன்றாவது, உருண்டைக்கு வேண்டிய கெட்டிச் சாணிக்காக வைக்கோல் தின்னும் மாடு வைத்திருக்கும் வீட்டில் கார்த்திகையிலேயே சொல்லிவைத்துவிடுவேன். மாதம் பிறந்த பிறகு கேட்டால் தெருவில் எல்லோருக்கும் அதே சாணிதான் வேண்டியிருக்கிறது.